காவியா சொல்லாத சேதி

அதியமான்கோட்டையில் காவியாவின் வாடகை வீட்டில் ராப்பகலாக லாரிச் சத்தம் கேட்கும். அவளுடைய புருஷன் மாதேஷின் லாரி மட்டும் எங்கோ நாக்பூர் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் அவளும் மகன் பூவரசனும்தான். பூவரசனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது.

அவன் பேச்சு காவியாவுக்கு மட்டும்தான் புரியும். 'க' வருகிற இடத்திலெல்லாம் 'த' போடுவான். கோழி தோழியாகிவிடும், காசு தாசாகிவிடும். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வந்தால் கேட்கிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள், "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், வசம்ப நாக்குல தேய்ச்சு வுடு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்!

சாயங்காலம் மாதேஷ் போனில் கூப்பிடுவான். பையன் ஏதோ சொல்வான். "என்னா சொல்றான்?" என்று மாதேஷ் கேட்பான். கோழி முட்டையிட்டதைச் சொன்னான் என்பாள் காவியா. அதோடு நிறுத்த மாட்டாள். "அப்பா எப்ப வருவீங்கன்னு கேக்குறான். சீக்கிரம் வரச் சொல்றான்" என்றும் சேர்ப்பாள். பையன் அப்படிக் கேட்டதே இல்லை. ஒருமுறை அவளே வாயைத் திறந்து கேட்டபோது, "வண்டி ஓட்டுனாத்தான் சோறு" என்று மாதேஷ் வெடுக்கென்று சொல்லிவிட்டான். பிள்ளை கேட்டால் மட்டும் குரல் இளகும். இரண்டு நாளாவது வந்து போவான். அதனால் அவள் ஆசை பிள்ளையின் பெயரில் போய்க்கொண்டிருந்தது.

அங்கன்வாடி டீச்சர் குள்ளம்மாள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "ர, ழ சரியா வர இன்னும் நாளாவும். 'ச' சொல்றப்ப நாக்கு வெளிய வந்தாக்கூட அஞ்சு வயசு வரைக்கும் பொறுக்கலாம். ஆனா 'க' இதுக்குள்ள வந்திருக்கணும். நாலு வயசுப் பையன் பேசுறது வெளி ஆளுக்கு முக்காவாசியாவது புரியணும் காவியா. பெரியாசுபத்திரியில காட்டு." காவியா தலையாட்டினாள், போகவில்லை. எனக்குத்தான் புரிகிறதே என்று இருந்துவிட்டாள். தன்னை விட்டால் அவனுக்கு யாருமில்லை என்பதில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்தது. தனியாக இருக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

ஒரு நாள் அங்கன்வாடியில் பூவரசன் காலில் வேலமுள் ஏறிவிட்டது. சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறான். யாருக்கும் புரியவில்லை. பிறகு சொல்வதையே விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டிப்போக வந்தபோதுதான் காவியா வீங்கிய பாதத்தைப் பார்த்தாள். முள்ளை எடுத்துவிட்டு அழுதாள். மறுநாள் காலையிலேயே தருமபுரி பஸ் ஏறினாள்.

பெரியாசுபத்திரியில் முதலில் காது சோதித்தார்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிரியதர்ஷினி, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கையும் அண்ணத்தையும் பார்த்தாள். "காது நல்லா கேக்குது. நாக்குலயும் குத்தமில்லீங்க. வசம்பெல்லாம் வேணாம். இந்த ஒலிய எங்க வச்சுச் சொல்றதுன்னு பழகல, அவ்வளவுதான். இப்பவே வந்தது நல்லது." படம் ஒன்றைக் காட்டி இது என்ன என்று பையனைக் கேட்டாள். "காக்கா" என்றாள் காவியா. அடுத்த படத்துக்கும் அவளே சொன்னாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. அவன் சொல்லட்டும்."

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது காவியாவுக்குக் கைகள் வெறுமையாக இருந்தன. உள்ளே பையன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

வாரம் ஒரு முறை போனார்கள். முதலில் 'க', 'த' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் பிரிக்கப் பிரியதர்ஷினி பழக்கினாள். பிறகு தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் விளையாட்டு. நாக்கு நுனியைக் கீழேயே வைத்து, பின்நாக்கை மேலே தூக்கி 'க'. "வூட்ல தப்புன்னு திட்டாதீங்க. அவன் சொன்னதையே நீங்க சரியா ஒருதடவ சொல்லிட்டுப் பேச்ச வுடாம போங்க. அவனுக்குப் பதிலா மட்டும் பேசாதீங்க" என்றாள் பிரியதர்ஷினி. காவியா அப்படியே செய்தாள். அவசரத்துக்கு எதுவும் வரவில்லை. முதலில் தனி ஒலி, அப்புறம் வார்த்தை, மாசக்கணக்கில் ஆன பிறகுதான் பேச்சில் தானாக வந்தது. கோவிந்தம்மாளின் வீட்டுக்கே போய்க் கதை பேச ஆரம்பித்துவிட்டான். காவியா மதியங்களில் தனியாகச் சாப்பிட்டாள்.

ஒரு சாயங்காலம் மாதேஷ் கூப்பிட்டபோது பையனே போனை வாங்கிக்கொண்டான். "அப்பா, கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. கறுப்புக் குஞ்சு எனக்கு!"

அந்தப் பக்கம் மாதேஷ் சிரித்தான், பிறகு மூக்கை உறிஞ்சினான். அப்பனும் மகனும் வெகுநேரம் பேசினார்கள். காவியா பக்கத்திலேயே நின்றாள். இப்போது யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன் அவள் கைக்கு வந்தது. "காவியா, அவன் சொன்னது பூரா எனக்குப் புரியுது! குஞ்சு, சைக்கிள், எல்லாம் சொன்னான். என்னைய வரச் சொல்லி ஒரு வார்த்த கேக்கல பாரு. பெரியாளாயிட்டான். அப்ப இந்த லோடையும் முடிச்சுட்டே வரட்டுமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

"அவன் ஒருநாளும் கேட்டதில்லீங்க" என்றாள். "அத்தன நாளும் நான்தான் கேட்டேன்."