பொருந்தவில்லை என்று எழுதினேன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் கடலை ஒட்டியிருக்கும் ஒரு ரிசார்ட்டில் எனக்கு மனிதவளப் பிரிவில் வேலை. பிரிவு என்று பெயர்தான். மேனேஜரும் நானும், ஒரு பீரோவும், சமையலறையின் எண்ணெய் வாசனை நுழையும் ஒரு ஜன்னலும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக தினமும் பஸ்ஸில் வந்துபோவேன்.

சேர்ந்து நான்கு வருடம் ஆனபோது ரிசார்ட்டை வேறொரு பெரிய நிறுவனம் வாங்கியது. அதன்பிறகு யாரையும் சும்மா சேர்க்க முடியாது என்றானது. ஆஃபர் லெட்டர் கொடுப்போம். அதிலேயே, பின்னணிச் சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்தான் இது செல்லும் என்று ஒரு வரி இருக்கும். ஆளிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி, அவருடைய பேப்பர்களை சென்னையில் உள்ள ஒரு ஏஜென்சிக்கு அனுப்புவோம். அவர்கள் படித்த இடம், பழைய வேலை, முகவரி எல்லாம் விசாரித்து அறிக்கை தருவார்கள். சரியாக இருந்தால் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். தவறு என்றால் சிவப்பு.

முதல் சிவப்பு அறிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. கடப்பாக்கம் பக்கத்து ஆள் அவர், முப்பது வயது இருக்கும். ஸ்டோர் அசிஸ்டென்ட் வேலைக்குத் தேர்வாகியிருந்தார். புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் கொடுத்திருந்தார். ஏஜென்சி கேட்டதற்கு, எங்கள் பதிவேட்டில் இவர் ஏழு மாதம்தான் இருக்கிறார், இந்தச் சான்றிதழையும் எங்கள் அலுவலகம் கொடுக்கவில்லை என்று ஓட்டல்காரர்கள் பதில் எழுதிவிட்டார்கள்.

வழக்கப்படி அவரிடம் விளக்கம் கேட்டு நான்தான் மெயில் போட்டேன். 'உங்கள் முன் அனுபவத்தில் முரண்பாடு காணப்படுகிறது, மூன்று நாளில் விளக்கவும்' என்று இரண்டு வரி. 'நான் அங்கேதான் வேலை செய்தேன்' என்று அவர் ஒரு வரி எழுதினார். கூட எந்தப் பேப்பரும் இல்லை.

"சரி, ஆஃபரை வாபஸ் வாங்கிடலாம். லெட்டர் ரெடி பண்ணும்மா" என்றார் மேனேஜர்.

சரி சார் என்று சொல்லிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

என் ஃபைலிலும் ஒரு சான்றிதழ் இருந்தது. படிப்பு முடித்தபின் பதினொரு மாதம் நான் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன். அப்பா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். மாறி மாறி ஷிப்ட். என்னை விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிறகு வேலை தேடிப் போன இடமெல்லாம் 'இந்தப் பதினொரு மாசம் என்ன பண்ணீங்க?' என்று கேட்டார்கள். கடைசியில், தோழியின் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்ததாக அவருடைய லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு தாளை வைத்துத்தான் இங்கே நுழைந்தேன். அப்போது யாரும் சரிபார்க்கவில்லை. அந்த சென்டரும் மூடிவிட்டது.

இப்போது மட்டும் பயப்பட என்ன இருக்கிறது என்றால், பழைய ஊழியர்களின் ஃபைல்களையும் பகுதி பகுதியாக ஏஜென்சிக்கு அனுப்பச் சொல்லி தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருந்தது. அந்தப் பட்டியலைத் தயார் செய்ய வேண்டியவளும் நான்தான். என் பெயரை மூன்றாவது பகுதியில் போட்டு வைத்திருந்தேன்.

பழைய மாதிரிக் கடிதம் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. 'போலி ஆவணம் சமர்ப்பித்து ஏமாற்ற முயன்றதால்' என்று ஆரம்பித்து, சட்ட நடவடிக்கை என்று முடியும். படித்தபோது அது எனக்கே வந்த கடிதம் போல இருந்தது. அதை மூடிவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'எங்கள் தேர்வுக்காகத் தாங்கள் செலவிட்ட நேரத்துக்கு நன்றி. ஆஃபர் கடிதத்தில் குறிப்பிட்டபடி நடந்த சரிபார்ப்பில், தாங்கள் தெரிவித்த இரண்டு வருட அனுபவத்தில் முதல் ஏழு மாதங்கள் மட்டுமே அந்த ஓட்டலின் பதிவேட்டில் இருப்பதாகவும், மீதிக் காலம் பொருந்தவில்லை என்றும் அறிக்கை வந்துள்ளது. ஆகவே அந்த ஆஃபரைத் திரும்பப் பெற வேண்டியுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். இந்த அறிக்கை தவறென்று தாங்கள் கருதினால், ஏழு வேலை நாட்களுக்குள் ஆதாரங்களுடன் எங்களுக்கு எழுதலாம். அறிக்கையின் நகல் இத்துடன் உள்ளது. இந்த விவரத்தை வெளியில் யாருக்கும் தெரிவிக்க மாட்டோம்.'

மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"ஏமாத்தினாருன்னு எங்கயும் இல்லையே."

"ஏமாத்தினாரான்னு நமக்குத் தெரியாது சார். பொருந்தலைன்னுதான் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. நான்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

"சரிதான். இப்படியே போகட்டும். மெயில்லயும் அனுப்பு, ஸ்பீட் போஸ்ட்லயும் போடு."

மறுநாள் அந்தக் கடப்பாக்கத்து ஆள் போனில் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"மேடம், மெயில் பாத்தேன். நான் இப்ப இருக்கிற இடத்துல பேப்பர் போட்டுட்டேன் மேடம். இந்த வாரத்தோட முடியுது. உங்க லெட்டரை நம்பித்தான் போட்டேன்."

ராஜினாமா கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். "கடிதத்துல கடைசிப் பத்தியைப் படிங்க. ஆதாரம் இருந்தா அனுப்புங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் ஒன்றும் இல்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் கண்டதையும் நினைத்தேன். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் கையில் கடைசியாக இருந்தது என் கடிதமாகத்தானே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்பு நகர்ந்து, மூன்றாவது பகுதி எப்போது போகும் என்பதில் வந்து நிற்கும். அவருக்காகப் பயந்தேனா, எனக்காகவா என்று பிரிக்கவே முடியவில்லை.

"இன்னாம்மா, மூஞ்சே செரியில்ல. சாப்பாடும் அப்படியே கீது" என்றார் அப்பா. தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். "மேடம், ஒருத்தர் லெட்டர எடுத்துகினு வந்துகீறாரு. உங்களத்தான் பாக்கணுமாம்."

அன்று மேனேஜர் சென்னையில். சண்டை போட வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் உட்கார வைக்கச் சொல்லி, செக்யூரிட்டியை வாசலில் நிற்கச் சொன்னேன். உள்ளே போனபோது அவர் எழுந்து நின்றார். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் சொல்லும்வரை உட்காரவில்லை. அவரும் பயந்துதான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

"மேடம், இதுல ஏழு மாசம்னு போட்டுகீது. அது செரிதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஏழு மாசத்துக்கப்பறம் எங்கள எல்லாம் கான்ட்ராக்ட்ல மாத்திட்டாங்க. அதே ஸ்டோரு, அதே யூனிபாரம். சம்பளம் போடறது மட்டும் வேற கம்பெனி. அது ஓட்டல் ரிஜிஸ்டர்ல எப்படி மேடம் இருக்கும்? இத பாருங்க."

பி.எஃப். கணக்கின் பாஸ்புக்கைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். முதல் ஏழு மாதம் ஓட்டலின் பெயர். அடுத்த பதினேழு மாதம், விடாமல், ஒரு ஆள் சப்ளை கம்பெனியின் பெயர். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். இரண்டு வருடம் சரியாக வந்தது.

"அப்ப சர்டிபிகேட்?"

"ஸ்டோர் இன்சார்ஜ் குடுத்தாரு. ஓட்டல் பேப்பர்லதான் டைப் பண்ணாரு. ஆபீஸ்ல கேட்டு வாங்கணும்னு எனக்குத் தெரியாது மேடம்."

"முதல்ல மெயில் போட்டோமே, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அதுல எந்த மாசம், எது தப்புன்னு ஒண்ணும் இல்லியே. முரண்பாடுன்னு போட்டா நான் இன்னான்னு மேடம் சொல்றது? இந்த லெட்டர்லதான் மாசம் போட்டுகீது. படிச்ச அப்பறந்தான் வெளங்குச்சு. பி.எஃப். நம்பரு மறந்துட்டேன், அத எடுக்கறதுக்கே மூணு நாளாயிட்சி. போன்ல இன்னா பேசறதுன்னு எடுக்கல."

அந்த இரண்டு வரி மெயிலை அனுப்பியவள் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. பேப்பர்களை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனபின்பும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல ஒருவர் என்று நினைத்துத்தான் அவருக்கு அவ்வளவு இரக்கமாக எழுதியிருந்தேன். அவர் என்னைப் போல இல்லை. அவர் உழைத்த மாதங்கள் உண்மை. என்னுடையவைதான் பொய்.

மறுநாள் காலை அவருடைய பேப்பர்களை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, என் ஃபைலையும் எடுத்து வைத்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சான்றிதழின் கதையைச் சொல்லி முடித்தேன்.

அவர் அந்தச் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப ஏம்மா சொல்ற? உன் பேர் லிஸ்ட்ல வரப்போகுதுன்னா?"

"ஆமா சார். பயம்தான்."

வேறு நல்ல காரணம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"எழுதிக் குடு. நான் மேல அனுப்பித்தான் ஆகணும். இனிமே வெரிஃபிகேஷன் ஃபைல் எதையும் நீ தொடாதே."

ஸ்டோர்காரரின் பேப்பர்களை ஏஜென்சி மறுபடி விசாரித்தது. அந்த ஆள் சப்ளை கம்பெனி, பதினேழு மாதமும் எங்களிடம்தான் இருந்தார் என்று எழுதிக் கொடுத்தது. திரும்பப் பெற்ற ஆஃபரை உயிர்ப்பிக்க முடியாது, வேண்டுமானால் புதிதாகக் கொடுங்கள் என்றது தலைமை அலுவலகம். நல்லவேளை, அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. இடையில் மூன்று வாரம் அவர் வேலை இல்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார். சேர்ந்த அன்று என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் மேடம்" என்றார். நான் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

என் விஷயத்துக்குப் பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு நாளும் மெயிலைத் திறக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். கடைசியில் மேனேஜரே ஒரு உறையைக் கொடுத்து, "வூட்ல போய்ப் படி" என்றார். வேண்டுமென்றே எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாரா தெரியவில்லை.

வீட்டில் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னேன். செருப்பை மாட்டியவர் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். உறையைப் பிரித்து, அவருக்குப் புரியும்படி தமிழில் படித்தேன். எழுத்து மூலம் எச்சரிக்கை. அந்தப் பதினொரு மாதம் என் பதிவிலிருந்து நீக்கப்படும். இன்னொரு தவறு நடந்தால் வேலையை விட்டு அனுப்பப்படுவேன்.

"அப்ப வேலை கீதா?" என்றார்.

"இருக்குப்பா."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் பதினோரு மாசம் அம்மாவப் பாத்துகினேன்னு சொல்லியிருந்தா ஆவாதா?" என்று கேட்டார். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.