மூன்று ஓட்டைத் தகடு

பட்டறையில் பாரம் தூக்குகிறவருக்குச் 'சந்தேகம்' என்றே பட்டப்பெயர். எடையைத் தானே கணக்குப் போடாமல் எதையும் தொடமாட்டார். கல்யாண மாலையைக்கூட நிறுத்துப் பார்த்துதான் வாங்கிக்கொண்டார் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியும் அவருக்கு விரல் பத்தும் பத்திரமாக இருந்தன.

புதிதாக வந்த வரைபடக்காரி அன்று ஒரு சீட்டை நீட்டினாள். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், இருபது மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. நாற்பது சென்டிமீட்டர் விட்டத்தில் மூன்று ஓட்டைகள். எடை 77 கிலோ. இரண்டு பேர் கையால் தூக்கலாம்.

"கன மீட்டருக்கு 7850 கிலோன்னா, ஓட்டை போடாத தகடே 314 கிலோம்மா. மூணு ஓட்டையில 237 கிலோவா போச்சு?"

"ஆமாண்ணே, கழிச்சிருக்கேன்ல."

அவர் சுவர்ப் பக்கம் நடந்தார். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த மூன்று வட்டுகளும் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஒன்றை ஒற்றை ஆளாகத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இது உங்க கணக்குல கிட்டத்தட்ட எண்பது கிலோ."

அவள் முகம் வெளுத்துவிட்டது. சீட்டை எடுத்துப் பார்த்தாள். ஆரத்தைப் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருந்தாள். அதை வர்க்கப்படுத்தியதில் ஓட்டை ஒவ்வொன்றும் நான்கு மடங்காகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

"வட்டு ஒண்ணு இருபது கிலோதான். தகடு 255. செயின் பிளாக்லதாண்ணே தூக்கணும்."

"இன்னொரு தடவை போட்டுப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அப்ப இதைக் கீழ வச்சிடறேன். நீங்க கணக்கு முடிக்கறவரைக்கும் எண்பதாத்தான் கனத்துச்சு."