அண்ணி மாற்றிய பாஸ்வேர்டு

பல்லடம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணை. ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு, மின்விசிறிகள் ஓடுகின்றனவா என்பதெல்லாம் போனில் ஓர் ஆப்பிலேயே தெரியும். ஏதாவது கோளாறு என்றால் மணியடிக்கும். அண்ணன், அண்ணி, நான் மூவருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. அதைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட புண்ணியவான் நான்தான். "கோழியெல்லாம் எப்படி இருக்குதுன்னு நாங்களும் பாக்கலாமுங்களா மாப்ளே?" என்று மாமா ஒருவர் கேட்டார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

யார் வீட்டுப் பிள்ளை எதைத் தட்டியதோ, ஒருநாள் விசிறி ஓடவேண்டிய சூட்டின் அளவே மாறியிருந்தது. அண்ணி அதைச் சரிசெய்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அண்ணனோடு பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். அவர் போனைத் தவிர எல்லாருடைய போனும் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. என்னுடையதும்தான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"நேர்ல வந்து சொல்றனுங்க தம்பி. இப்பச் சொன்னா இன்னும் யாருக்காச்சும் அனுப்பிப்போடுவீங்க."

பண்ணையில் இருப்பவன் நான், சாவி கல்யாண வீட்டிலா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தேன். உச்சி வெயிலில் அண்ணியிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. பெயரைப் பார்த்தேன், போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சற்று நேரத்தில் எங்கள் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வியர்த்து நின்றிருந்தார். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை, அதாவது ஒரு பேஸ், போய் விசிறிகள் நின்றிருந்தன. ஷெட்டில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சிரைத்தன. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அத்தனையும் செத்திருக்கும். "அம்மணி சோத்துல கைய வெச்சவங்க எந்திரிச்சு எனக்குப் போன் போட்டாங்க" என்றார். எங்களில் அந்த மணி அடித்தது அண்ணியின் போனில் மட்டும்தான். நான் எடுக்காத போனுக்காக அவர் காத்திருக்கவில்லை, கலங்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த நிதானம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

சாயங்காலம் வந்தவர், பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கிப் புதிய பாஸ்வேர்டைத் தானே போட்டுக் கொடுத்தார். "ஊட்டுல இருக்கறவரையும் சேத்துப் பூட்டிப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க தம்பி" என்றார்.

"போன் சைலன்ட்ல கெடந்துதுங்க அண்ணி" என்றேன்.

"அது பரவால்லீங்க" என்று சொல்லி, எனக்காக வாங்கி வந்த கல்யாணப் பலகாரத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.