விலகுபவளின் வட்டிப் பங்கு

தையல்காரியின் கை நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பகலில் ஜாக்கெட் தைக்கும் கை. வாரம் ஒரு மாலை, பன்னிரண்டு பேர் கொண்ட மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதும். இஸ்திரிக்காரம்மா ஊரை விட்டுப் போவதால் குழுவிலிருந்து விலகினாள். சேமிப்பு ஆறாயிரம், வட்டியில் பங்கு ஆயிரத்து இருநூறு; கடன் பாக்கி இரண்டாயிரம் போக, ஐயாயிரத்து இருநூறு வரவேண்டும்.

"பாதியில ஓடுறவளுக்கு வட்டி ஒரு கேடா? போட்டதை மட்டும் குடு," என்றாள் தலைவி. வாங்கிய கடனுக்குத் தவணை தவறாமல் சாக்கு மட்டும் சொல்கிற மகராசி அவள்.

"அதை நம்பித்தான்க்கா புது வீட்டுக்கு அட்வான்ஸ் பேசியிருக்கேன்," என்றாள் இஸ்திரிக்காரம்மா.

தையல்காரி தீர்மான நோட்டைப் பின்னால் புரட்டினாள். "போன வருஷம் உங்க தங்கச்சி விலகினப்ப வட்டியோட குடுத்தோம். இது உங்க கையெழுத்துதானேக்கா?"

"அது வேற விஷயம்."

"ஆமா, அவங்க ஓடலை. பல்லக்குல போனாங்க."

எல்லோரும் சிரித்தார்கள்; வட்டியோடு கொடுக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள். தலைவி பேனா முனை உடையும்படி காசோலையில் கையெழுத்திட்டாள். தையல்காரி தன் கையெழுத்தையும் போட்டு, தொகையை மறுபடி சரிபார்த்து, இஸ்திரிக்காரம்மாவிடம் நீட்டினாள்.