காலண்டர் தாளில் கையெழுத்து

விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிக்கு நடந்துகொண்டிருந்தேன். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனியில் வேலை நின்றுவிட்டது. என் பைக் ஆனைக்குட்டத்தில், அக்கா வீட்டுக் கொல்லையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பைக் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர்கள் தூக்கிவிடக் கூடாதே என்று நானே ஒளித்துவைத்திருந்தேன். சட்டைப்பையில் அவர்களுடைய வக்கீல் நோட்டீஸ்: பதினைந்து நாளில் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் கட்டாவிட்டால் வழக்கு.

என் கணக்கில் பாக்கி இருபத்தாறாயிரத்து நானூறுதான். கடைசியாகக் கட்டிய ஐந்து தவணை அவர்கள் கணக்கில் ஏறவில்லை.

தபால் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு அக்கா மனு டைப் அடித்துத் தருவார். அவர் முன்னால் ஐந்து காலண்டர் தாள்களை வைத்தேன். தினமும் கிழிக்கிற தாள்தான். தேதிக்குக் கீழே ‘2400 பெற்றேன்’ என்ற எழுத்து, கையெழுத்து.

"என்ன தம்பி இது?"

"சம்பளச் சனிக்கெழம பட்டாசுக் கம்பெனி வாசல்ல பைனான்ஸ் வசூல்காரன் வருவான்க்கா. ரசீது புக்கு தீந்துபோச்சும்பான். நான் செக்யூரிட்டி ரூம் காலண்டரக் கிழிச்சு நீட்டுவேன், அதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுவான்."

அக்கா சிரித்துவிட்டார். "நல்லவேள, பீடி மடிச்சு வைக்க எடுக்காம பத்திரமா வச்சிருந்தீக."

நான் எட்டாவதோடு நின்றவன். முழுசும் கட்டிவிடுகிறேன், அவகாசம் கொடுங்கள் என்று எழுதச் சொன்னேன். அவர் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"அப்படி எழுதுனா அம்புட்டையும் ஒத்துக்கிட்டதா ஆயிரும். கடன் வாங்குனது நெசம், இந்தத் தொகைய ஏத்துக்கிடலன்னு எழுதுவோம். ஒப்பந்த நகல், முழு கணக்கு, வட்டியும் அபராதமும் எப்படி வந்துச்சுங்கிற விவரம், எல்லாம் எழுத்துல கேப்போம்."

தாள்களின் நகலை மட்டும் இணைத்தோம். அசலை அக்கா என் கையிலேயே திணித்தார். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அவர்கள் வக்கீலுக்கு ஒன்று, பைனான்ஸ் கம்பெனிக்கு ஒன்று அனுப்பினேன். இரண்டிலும் முத்திரை விழும்வரை கவுண்டரிலேயே நின்று பார்த்தேன். என் பெயரில் நான் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் வசூல்காரன் போன் செய்தான். "ஏலே, வண்டிய எங்கன வச்சிருக்க?"

"எழுதிக் கேட்டிருக்கேன்லே. எழுதிச் சொல்லு."

"எம்புட்டுப் பெரிய வக்கீலுலே நீ!" என்றான். ஆனால் குரல் இறங்கிவிட்டது. அந்த ஐந்து தவணையையும் அவன் அலுவலகத்தில் கட்டவில்லை என்று எனக்கு அப்போதுதான் பொறிதட்டியது.

ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்தன. பிறகு ஒரு நாள் மத்தியானம் தடித்த கவர். நின்ற இடத்திலேயே கிழித்தேன். ஒப்பந்த நகல், நான்கு பக்கக் கணக்கு. ஐந்து தவணையும் வரவு வைத்திருந்தார்கள். பாக்கி இருபத்தாறாயிரத்து நானூறு, மாதத் தவணையாகவே கட்டலாம். ஆனைக்குட்டத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தார்ப்பாயை உருவினேன்.

மறுநாள் காலை ஒரு அச்சகத்தில் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த வண்டி உள்ள ஆள்தான் வேண்டும் என்றார்கள். பின்சீட்டில் இரண்டு கட்டுப் புதுக் காலண்டரை இறுக்கிக் கட்டி, முதல் லோடுக்குச் சாத்தூர் போனேன்.