செக்ரோல் முடிந்துவிட்டது என்று நான் சொன்ன நாள்

இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போன வருடம் நடந்தது இது. கொழுந்து நிறுவை, உர ஸ்டோர், சம்பளம், கணக்கு என்று தனித்தனிப் புத்தகங்களிலும் ஒரு பழைய கம்ப்யூட்டரிலும் கிடந்ததையெல்லாம் ஒன்றாக்கும் ஈ.ஆர்.பி. என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு அந்தக் கம்பெனி மாறியது. அதைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நான் இரத்தினபுரி பஜாரில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். தமிழும் சிங்களமும் சரளம், அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அரை நாள் வேலையைத் தோட்டத்தில் ‘அரைப்பேர்’ என்பார்கள் என்று பயிற்சியின்போது கற்றுக்கொண்டேன். அத்தோடு தோட்டத் தமிழே கைக்குள் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

மாறுவது லேசான காரியமாக இருக்கவில்லை. சில மாதங்கள் புத்தகத்திலும் சிஸ்டத்திலும் இரட்டை வேலையாகச் சம்பளம் போட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒத்துவராத இடங்களைத் தேடித் தேடித் திருத்தினோம். கடைசியில் ஸ்டோரில் இருந்த சாமான்களை எண்ணி, நிலுவைகளை ஏற்றி, பழைய கம்ப்யூட்டர் கணக்கில் இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டினோம். அன்று காலைக் கொழுந்து நிறுவை நேராகப் புதிய சிஸ்டத்தில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் தொழிற்சாலை மண்டபத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள்.

இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கி, முடிவுகளுக்குப் பொறுப்பு நின்ற டைரக்டர் கொழும்பிலிருந்து வந்து நன்றி சொன்னார். அவர் சிங்களத்தில் பேசப் பேச நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். நல்ல மனிதர். சிஸ்டம் அமைத்தவர்களுக்கும் ஸ்டோர்காரர்களுக்கும் நன்றி சொன்னார். வீட்டில் இவர்களுக்காகக் காத்திருந்தவர்களையும் மறக்கவில்லை. “இனிமேல்தான் பிழைகள் தெரியவரும், அதற்காக யாரையும் ஏசக் கூடாது, குழு இன்னும் சில வாரம் இங்கேயே இருக்கும்” என்றார். பிறகு பெருமையாக ஒரு வசனம் சொன்னார். நானும் அதே பெருமையோடு தமிழாக்கினேன்:

“இன்னையோட செக்ரோல் முடிஞ்சிருச்சு!”

கைதட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு கையும் அசையவில்லை. முன் வரிசையில் இருந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், தொழிற்சங்கத்தில் பெண்களுக்குத் தலைவி, மெதுவாக எழுந்தார்.

“மிஸ், அப்ப எங்க பேர வெட்டிட்டீங்களா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிஸ்டம் பக்கத்து ஆட்களான எங்களுக்குச் செக்ரோல் என்றால், யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று தினமும் குறிக்கும் ஒரு தடித்த புத்தகம். இனி அதில் எழுத வேண்டாம் என்பதைத்தான் டைரக்டர் சொன்னார்.

“செக்ரோல்ல பேரு இருந்தாத்தானே மிஸ் தோட்டத்துல வேல? பேர வெட்டுனா வேலயும் போச்சு, இத்தன வருஷ சர்வீஸும் போச்சு. எனக்கு பென்ஷன் போக இன்னும் கொஞ்ச நாள்தான் கெடக்கு. நாளைக்கு நாங்க யாரும் கொழுந்தெடுக்க மலைக்கு ஏற மாட்டோம்.”

பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். வேலை போய்விட்டது என்று நன்றிக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொன்னவள் நான். நடந்ததை டைரக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சிஸ்டத்தைத் திரையில் போடச் சொன்னார்.

“அந்த அக்காவுடைய பெயரைத் தேடுங்கள்.”

தேடினோம். ‘பதிவு இல்லை’ என்று வந்தது. மண்டபமே கொதித்தது. அந்த அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர், ஒரு தங்கச்சி, ஓடிவந்தார்.

“பேர அடிச்சா வராது சேர். செக்ரோல்ல ஒரு மாதிரி, ஐடென்டிட்டி கார்ட்ல ஒரு மாதிரி எழுதியிருக்கு. நம்பர அடிங்க.”

தொழிலாளர் நம்பரை அடித்ததும் திரையில் எல்லாம் வந்தது: அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) இலக்கம். அந்த அக்காவுக்கு வாசிக்கத் தெரியும். தன் பெயரை வாய்விட்டு வாசித்தார். சேர்ந்த தேதியையும் வாசித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

பெயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தியது யார் என்று டைரக்டர் கேட்டார். அந்தத் தங்கச்சியும் இன்னொரு கிளாக்கரும்தான். எழுத்து வித்தியாசமாக இருந்த ஒவ்வொருவரையும் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய்க் கேட்டு, சேமலாப நிதி இலக்கத்தோடு ஒத்துப்பார்த்திருக்கிறார்கள். டைரக்டர் விட்ட இடத்திலிருந்து மறுபடி நன்றி சொன்னார். இந்தத் தடவை நான் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கவில்லை.

“ஒருத்தர் பேரும் விடுபடாம இந்த ரெண்டு பேரும் பத்திரமா கொண்டாந்து சேத்திருக்காங்க. அதுக்குத்தான் சேர் நன்றி சொல்றாரு” என்றேன்.

அப்போது கை தட்டினார்கள் பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது! மறுநாள் காலை எல்லோரும் மலைக்கு ஏறினார்கள்.

இன்றும் எந்தக் கூட்டத்திலாவது ஒன்று ‘முடிந்துவிட்டது’ என்று நான் தமிழில் சொல்ல வேண்டி வந்தால், அதற்குள் யாருடைய பெயர் இருக்கிறது என்று ஒரு கணம் நின்று யோசித்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.