மூன்று கோடுகளும் ஒரே விலையும்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை மறியல் நடந்த நாள் அது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பங்கு வியாபாரத் தரகரின் கிளை அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்கள் யாரும் வரவில்லை. நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்யும் ஒரு பெண்மணி மட்டும் வெள்ளிமலை பஸ் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தார். என்னிடம் கணக்கு வைத்து, சின்ன அளவில் வாங்கி விற்பவர்.

அன்று காலை ஒரு பங்கின் வரைபடத்தில், இறங்கும் விலை நின்று திரும்பும் என்று நாங்கள் போடும் கோடுகளில் மூன்று 398 ரூபாயில் சேர்ந்திருந்தன. முந்தைய நாளின் உச்சம், தாழ்வு, முடிவு விலைகளிலிருந்து கணக்கிட்ட பிவட் என்னும் மைய விலைக்குக் கீழே வரும் முதல் ஆதரவு. இருபது நாள் விலைகளின் சராசரி. 372-லிருந்து 424 வரை ஏறியதில் பாதி இறக்கம், அதாவது இரண்டுக்கும் நடுவிலான விலை. அங்கே வாங்கினேன். 394-க்குக் கீழே போனால் வெளியேறுவது என்று முடிவு செய்திருந்தேன்.

விலை 394-ஐ உடைத்து இறங்கியது. நான் வெளியேறவில்லை. ஏற்றத்தின் தொடக்கத்தை 372-லிருந்து அதற்கும் முந்தைய தாழ்வான 360-க்கு நகர்த்தினேன். பாதி இறக்கம் 392 ஆனது. சராசரியை முப்பத்துநாலு நாளாக்கினேன். அதுவும் 392-ஐ ஒட்டி வந்தது. பிவட்டின் இரண்டாம் ஆதரவு 393. மறுபடியும் மூன்று கோடுகள். மனசு லேசானது. இன்னும் கொஞ்சம் வாங்கத் தயாரானேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி கேட்டார்: "காலைல இருபது நாளுதான வெச்சிங்க சார்? இப்ப இன்னாத்துக்கு மாத்திக்கினு இருக்கீங்க?"

இதுவும் வலுவான இடம்தான் என்றேன்.

"வெல எங்க போவுதோ, அங்க கோட்ட இட்டுக்கினு போறீங்க. மூணும் அதே வெலைலேர்ந்து வர்றதுதான. மூணு சாட்சின்னு எப்பிடி எண்றது?"

முப்பத்துநாலை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று யோசித்தேன். பத்து, ஐம்பது எல்லாம் போட்டுப் பார்த்து, பொருந்தியதை வைத்திருந்தேன். பொருந்தாமல் போனவற்றை மறந்திருந்தேன். கோடு போதுமான அளவு போட்டால் எந்த விலையிலும் மூன்று சேரும். மனசு கூசிப்போனது. 391-ல் விற்று வெளியேறினேன். அன்று அது மேலும் இறங்கியது. ஏறியிருந்தாலும் நான் செய்தது சரிதான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து சந்தை திறப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதிவைத்தேன்: ஒரே சராசரி, ஒரே ஏற்றம், எந்த விலைக்குக் கீழே போனால் என் கணிப்பு தவறு. பிறகு மாற்றுவதில்லை. பல நாள் எதுவும் சேரவில்லை. அந்த நாள்களில் வாங்கவில்லை, அவ்வளவுதான். சேர்ந்த இடங்களிலும் சில உடைந்தன. எழுதிய விலையில் வெளியேறினேன். சில தாங்கின. அவற்றின்மேல் வந்த நம்பிக்கை முன்பைவிடச் சின்னது, ஆனால் தூங்கவிட்டது.

அந்தப் பெண்மணியும் அப்படியே எழுதிய தன் காகிதத்தைக் கொண்டுவர ஆரம்பித்தார். காலையில் இருவரும் காகிதத்தை மாற்றிப் பார்த்துக்கொள்வோம். ஒருமுறை என்னுடையதைப் படித்துவிட்டு, "இன்னிக்கி ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க, நல்லாருக்கு" என்றார்.